ஒரே பொருளுக்கு நாலு பெயர்

வீட்டு இன்வர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது எப்படி என்று ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னால், நன்றாக எழுதப் பழகிய ஒருவர் ஏறக்குறைய இப்படித்தான் எழுதுவார். இந்தக் கட்டுரைக்காக நானே எழுதிப் பார்த்த மாதிரி இது:

“பேட்டரியில் உள்ள திரவத்தின் மட்டத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். அமிலம் குறைந்திருந்தால் அடைப்பானைத் திறந்து நீர் சேர்க்கலாம். கரைசல் மேல் குறியைத் தாண்டக் கூடாது. மின்கலத்தில் எலக்ட்ரோலைட் நிரப்பிய பிறகு மூடியை இறுக்கவும். திரவம் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள்.”

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. வாக்கியங்கள் சின்னவை. அடுத்தடுத்த வாக்கியங்களில் ஒரே சொல் திரும்ப வந்து உறுத்தவில்லை. பள்ளிக்கூடக் கட்டுரை என்றால் ஆசிரியர் பாராட்டியிருப்பார். ஆனால் இதை நம்பி ஒருவர் பேட்டரியைத் திறந்தால், அது பாழாகிவிடக்கூடும். ஒரே சொல் திரும்ப வரக்கூடாது என்று எழுதியவர் எடுத்துக்கொண்ட அக்கறைதான் அதற்குக் காரணமாக இருக்கும்.

முதலில் பேட்டரிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். 12 வோல்ட் பேட்டரி என்பது ஒரு பெட்டிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொரு அறையும் ஏறக்குறைய 2 வோல்ட் தரும் தனி மின்கலம். அறைகளுக்கு நடுவே சுவர் உண்டு. ஓர் அறையில் ஊற்றியது அடுத்த அறைக்குப் போகாது. ஒவ்வொரு அறையிலும் ஈயத் தகடுகள், அவற்றை மூழ்கடித்தபடி கந்தக அமிலம் கலந்த நீர். இந்தக் கலவைக்குத்தான் எலக்ட்ரோலைட் என்று பெயர். கடைத்தெருவில் இதையே ஆசிட் என்கிறார்கள்.

பேட்டரி சார்ஜ் ஆகும்போது, குறிப்பாகச் சார்ஜ் முடிகிற நேரத்தில், கலவையில் உள்ள நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியே போய்விடுகிறது. வெயில் காலத்தில் ஆவியாகவும் கொஞ்சம் போகும். போவது நீர் மட்டுமே, அமிலம் உள்ளேயே தங்கிவிடுகிறது. எனவே மட்டம் இறங்கிய பேட்டரியில் அமிலம் குறைந்திருக்காது. நீர் குறைந்து, மிச்சமிருக்கும் கலவை முன்பைவிடக் காரமாகியிருக்கும். அதனால்தான் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றச் சொல்கிறார்கள்.

இப்போது அந்தக் குறிப்புக்குத் திரும்புவோம். பேட்டரிக்குள் இருக்கும் கலவை அதில் முதல் வாக்கியத்தில் திரவம், இரண்டாவதில் அமிலம், மூன்றாவதில் கரைசல், நான்காவதில் எலக்ட்ரோலைட். எழுதியவர் மனத்தில் நான்கும் ஒன்றே. படிப்பவருக்கு அது எப்படித் தெரியும்? “அமிலம் குறைந்திருந்தால்” என்று படிக்கிறவர், குறைந்தது அமிலம் என்றால் அமிலத்தைத்தானே ஊற்ற வேண்டும் என்று நினைப்பது இயல்பு. அடுத்து நீர் சேர்க்கச் சொல்லியிருப்பதால் கொஞ்சம் குழம்புவார். நான்காவது வாக்கியத்துக்கு வரும்போது “எலக்ட்ரோலைட் நிரப்பிய பிறகு” என்று இருக்கிறது. ஊற்றச் சொன்னது நீர். ஊற்றி முடித்ததாகச் சொல்வது எலக்ட்ரோலைட். இரண்டு வாக்கியத்துக்குள் நீர், ஆசிட்டாக மாறிவிட்டது.

எழுதியவருக்குப் பேட்டரி பற்றித் தெரியாமல் இது நடக்கவில்லை. பெயர்களை மாற்றிக்கொண்டே போனதில், எந்தப் பெயர் எந்தப் பொருளுக்கு என்ற பிடி அவருக்கே தளர்ந்துவிட்டது. தொழில்நுட்ப எழுத்தில் சொல் மாற்றுவதால் வரும் பெரிய கேடு இதுதான் என்று நினைக்கிறேன். வாசகர் குழம்புவது ஒரு பக்கம் இருக்க, எழுதுகிறவரும் வழுக்கிவிடுகிறார். ஒரே பொருளுக்கு ஒரே பெயர் என்று வைத்திருந்தால், “ஆசிட் நிரப்பிய பிறகு” என்று கை எழுதும்போதே, ‘நாம் ஆசிட் ஊற்றச் சொல்லவில்லையே’ என்று மனசு தடுத்திருக்கும்.

சரி, ஒருவர் உண்மையிலேயே ஆசிட் வாங்கி ஊற்றிவிட்டால் என்ன ஆகும்? உடனே எதுவும் ஆகாது. அதனால்தான் இந்தத் தவறு கண்ணுக்குத் தப்புகிறது. கலவையின் அடர்த்தி கூடும். தகடுகளும் அவற்றுக்கு நடுவே இருக்கும் தடுப்புகளும் சீக்கிரம் அரிக்கும், பேட்டரியின் ஆயுள் குறையும். மெக்கானிக் வந்து ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்த்தால் அங்கேயும் ஒரு சிக்கல் காத்திருக்கும். முழுச் சார்ஜில் உள்ள டியூபுலர் பேட்டரியில் ஹைட்ரோமீட்டர் 1.24 அளவில் காட்டும். சார்ஜ் இறங்க இறங்க எண்ணும் இறங்கும். கூடுதலாக ஆசிட் ஊற்றிய அறையிலோ, சார்ஜ் இறங்கியிருந்தாலும் எண் உயர்ந்தே நிற்கும். பேட்டரி நன்றாக இருப்பதாக அளவு சொல்லும், ஆனால் கரண்ட் போனால் மின்விசிறி அரை மணி நேரம்கூட ஓடாது. ஓர் அறை மட்டும் மற்ற ஐந்தோடு ஒட்டாமல் உயர்ந்த எண் காட்டினால், அதில் யாரோ ஆசிட் ஊற்றியிருக்கலாம் என்று அனுபவசாலிகள் சந்தேகப்படுவார்கள்.

ஓர் அறையில் மட்டும் எதற்காக ஊற்றினார்கள்? குறிப்பின் நான்காவது வாக்கியம் “மின்கலத்தில்” என்று ஒருமையில் சொல்கிறது. எழுதியவர் பேட்டரி என்ற சொல் மறுபடி வர வேண்டாம் என்று மின்கலம் என்று போட்டார். அன்றாடப் பேச்சில் இரண்டும் ஒன்றுதான். இந்தக் குறிப்பில் அப்படிக் கிடையாது. இங்கே மின்கலம் என்றால் ஆறு அறைகளில் ஒன்று. பாடப்புத்தகம் படித்த மாணவர் அதை ஓர் அறை என்றே எடுத்துக்கொள்வார். ஓர் அறையில் ஊற்றினால் மற்றவற்றுக்கும் பரவும் என்றும் எண்ணிவிடலாம்.

“அடைப்பானைத் திறந்து” என்பதும் “மூடியை இறுக்கவும்” என்பதும் ஒரே பாகம். முதல்முறை பேட்டரியைப் பார்க்கிறவர் மேலே அடைப்பான் ஒன்று, மூடி ஒன்று என இரண்டைத் தேடுவார். இதில் பெரிய ஆபத்து இல்லை, நேரம்தான் வீண். ஆனால் கடைசி வாக்கியம் அப்படியில்லை. “திரவம் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள்.” சிந்தியது டிஸ்டில்டு வாட்டர் என்றால் துடைத்தால் போதும். சிந்தியது ஆசிட் என்றால் வெறும் துணியோடும் வெறும் கையோடும் கிட்டே போகவே கூடாது. கையுறை போட்டு, சமையல் சோடாவைத் தூவி, நுரை அடங்கிய பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் நீண்ட நேரம் கழுவ வேண்டும். திரவம் என்ற பொதுச்சொல் இந்த இரண்டையும் ஒரே போர்வைக்குள் மூடிவிட்டது.

சொல் திரும்ப வருவதற்கு நாம் ஏன் இவ்வளவு அஞ்சுகிறோம்? தமிழில் அதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. ஒரு நூலில் வரக்கூடாத குற்றங்கள் என்று நன்னூல் பத்தைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று கூறியது கூறல். பள்ளியில் இதைப் படித்துவிட்டு, ஒரே சொல்லை இருமுறை எழுதுவதே பிழை என்று பலரும் பதிய வைத்துக்கொண்டார்கள். கூறியது கூறல் என்பது சொன்ன கருத்தையே மறுபடி சொல்வது; சொல்லைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. “ஆசிட் குறையாது, நீர்தான் குறையும்” என்பதைப் பக்கத்துக்கு ஒருமுறை எழுதினால் அது கூறியது கூறல். ஆறு படிகளிலும் ஆசிட்டை ஆசிட் என்றே அழைத்தால் அது குற்றம் ஆகாது. அதே பட்டியலில் இன்னொரு குற்றமும் இருக்கிறது: மயங்கவைத்தல். இப்படியா அப்படியா என்று படிப்பவரைத் தயங்கச் செய்வது. நம் பேட்டரிக் குறிப்பு, இல்லாத ஒரு குற்றத்துக்குப் பயந்து, இருக்கிற ஒரு குற்றத்தைச் செய்துவிட்டது.

நிகண்டுகள் வேறு ஒரு தேவைக்காகப் பிறந்தவை. ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் உண்டோ அத்தனையையும் திவாகரமும் பிங்கலமும் அடுக்கித் தந்தன. எதுகை, மோனை, சீர் என்று செய்யுளுக்குப் பல கட்டுகள் இருப்பதால் கவிஞருக்கு அந்தச் செல்வம் வேண்டும். அந்தக் கவிதையிலும்கூட ஒரே சொல் ஒரே பொருளில் திரும்பத் திரும்ப வருவதைச் சொற்பொருள் பின்வருநிலையணி என்று பெயர் வைத்து அழகாகவே போற்றியிருக்கிறார்கள். திரும்ப வருவதே அசிங்கம் என்ற எண்ணத்துக்கு நம் இலக்கணத்தில் இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆங்கிலத்தில் இந்தப் பழக்கத்தைப் பெயர் சொல்லிக் கண்டித்தவர்கள் ஃபவ்லர் சகோதரர்கள். 1906-ல் வெளிவந்த ‘தி கிங்ஸ் இங்கிலீஷ்’ என்ற நூலில், நயத்துக்காகவே சொல்லை மாற்றும் இந்த வழக்கத்துக்கு ‘எலிகன்ட் வேரியேஷன்’ என்று பெயரிட்டார்கள். அவர்கள் பேசியது பொது எழுத்தைப் பற்றி. ஒரு தொழிலே உட்கார்ந்து இதற்கு விதி எழுதியது என்றால் அது விமானத் தொழில்.

விமானத்தைப் பழுது பார்க்கும் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றைப் படித்து வேலை செய்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. 1970-களின் கடைசியில், இந்தக் கையேடுகளின் மொழியை எளிதாக்க வேண்டும் என்று ஐரோப்பிய விமான நிறுவனங்கள் விமானம் தயாரிப்பவர்களைக் கேட்டன. அதன் பலனாக 1986-ல் எளிய ஆங்கிலத்துக்கான ஒரு வழிகாட்டி வந்தது. 2005 முதல் அதன் பெயர் ASD-STE100. அதில் எழுதும் விதிகளோடு ஒரு சொற்பட்டியலும் உண்டு. அனுமதிக்கப்பட்ட பொதுச்சொற்கள் ஏறக்குறைய 900. ‘தொடங்கு’ என்பதற்கு ஆங்கிலத்தில் begin, commence, initiate, start என்று பல சொற்கள் உண்டல்லவா? அந்தப் பட்டியல் start ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கிவிட்டது.

எதிர்ப்பக்கமும் அடைக்கப்பட்டிருக்கிறது. fall என்ற சொல் அங்கே மேலிருந்து கீழே விழுவதை மட்டுமே குறிக்கும். அழுத்தம் குறைவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. follow என்றால் பின்னால் வருவது. விதிக்குக் கட்டுப்படுவது என்ற பொருள் அதற்கு இல்லை. இயந்திர பாகங்களின் பெயர்கள் இந்த 900-க்குள் அடங்காது, அவற்றை எழுதுபவரே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரு பாகத்துக்கு ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கடைசிவரை அதே பெயர்தான். இப்படி எழுதிய கையேடு அழகாக இருக்காது என்பது அதை வகுத்தவர்களுக்குத் தெரியும். இரவு ஷிஃப்டில் ஒரு வால்வை மாற்றுகிறவர் இரண்டாம் முறை படிக்காமலே புரிந்துகொள்ள வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு.

பெயர்ச்சொல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வினைமுற்றை மாற்றுவது அதைவிட நுட்பமாக ஏமாற்றும். நம் குறிப்பையே பாருங்கள்: “பாருங்கள்”, “சேர்க்கலாம்”, “தாண்டக் கூடாது”, “இறுக்கவும்”. ஓசை ஒரே மாதிரி வராமலிருக்க எழுதியவர் முடிவுகளை மாற்றியிருக்கிறார். ஆனால் “சேர்க்கலாம்” என்றால் சேர்க்காமலும் இருக்கலாம் என்றுதானே பொருள்? மட்டம் கீழ்க் குறிக்கு இறங்கிய பிறகும் நீர் ஊற்றாமல் விட்டால், தகடுகளின் மேல்பகுதி காற்றில் பட்டு உலர்ந்து கெட்டுவிடும். அங்கே இருக்க வேண்டியது கட்டாயம், எழுதப்பட்டிருப்பது விருப்பம். இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை எழுதுபவர்கள் இந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகவே 1997 மார்ச்சில் RFC 2119 என்ற சிறிய ஆவணத்தை வெளியிட்டார்கள். MUST என்றால் கட்டாயம், SHOULD என்றால் தக்க காரணம் இல்லாமல் மீறக்கூடாது, MAY என்றால் உங்கள் விருப்பம் என்று அது வரையறுத்துவிட்டது. தமிழில் ‘வேண்டும்’, ‘நல்லது’, ‘லாம்’ என்ற மூன்றை இதேபோல் பிரித்து வைத்துக்கொண்டு எழுதுவதற்கு ஒரு தடையும் இல்லை.

தமிழில் தொழில்நுட்பம் எழுதுகிறவருக்குக் கூடுதலாக ஒரு சோதனை இருக்கிறது. ஏறக்குறைய எல்லாப் பொருளுக்கும் நம்மிடம் குறைந்தது இரண்டு பெயர் ஏற்கெனவே இருக்கிறது: கடையில் கேட்கும் பெயர் ஒன்று, பாடப்புத்தகப் பெயர் ஒன்று. இலங்கையையும் சேர்த்தால் இன்னும் கூடும். தமிழ்நாட்டுப் பள்ளிப் புத்தகத்தில் ஆற்றல், திறன் என்று படிப்பவை இலங்கைப் புத்தகத்தில் சக்தி, வலு. பேச்சில் இந்த நான்குமே ஒன்றுக்கொன்று மாற்று. அதனால் சொல் மாற்றும் பழக்கம் உள்ளவர் கை, இந்த நான்கையும் தாராளமாக இறைத்துவிடும். இன்வர்ட்டர் விளம்பரத்தில் “900 வி.ஏ. திறன்” என்றும், அதே பத்தியில் “150 ஆம்பியர்-மணி திறன்” என்றும் வருவதை எண்ணிப் பாருங்கள். முதலாவது, ஒரே நேரத்தில் எத்தனை விளக்கும் விசிறியும் போடலாம் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, அவை எத்தனை நேரம் ஓடும் என்பதைச் சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், பெரிய இன்வர்ட்டர் வாங்கினால் அதிக நேரம் ஓடும் என்று நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு.

எந்தப் பெயரைத் தேர்ந்தெடுப்பது? என் பார்வையில், வாசகர் கடையில் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பாரோ அதுவே நல்லது. எலக்ட்ரோலைட் என்பது துல்லியமான பெயர். வீட்டுக் குறிப்பில் ஆசிட் என்றால்தான் எச்சரிக்கையும் சேர்ந்து போகிறது. துல்லியமான பெயரையும் தெரியப்படுத்த நினைத்தால் தொடக்கத்தில் ஒருமுறை இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, பிறகு ஒன்றையே பிடித்துக்கொள்ளலாம்.

இப்படி எழுதும்போது சொல் நெருக்கியடித்துக்கொண்டு வருவது உண்மைதான். தமிழில் அதற்கு நல்ல வழி இருக்கிறது: எழுவாயையும் செயப்படுபொருளையும் விட்டுவிட்டே வாக்கியம் அமைக்கலாம். “மூடியைத் திறங்கள். ஓரமாக வையுங்கள்” என்றால் எதை என்று யாரும் கேட்கமாட்டார்கள். ‘அது’, ‘அதை’ என்ற சுட்டுகளைத்தான் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். “ஆசிட்டில் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றியபின் அதைத் தொடாதீர்கள்” என்ற வாக்கியத்தில் ‘அது’ எது? அருகில் இரண்டு பொருள்கள் இருந்தால் சுட்டை விட்டுவிட்டுப் பெயரையே எழுதிவிடுவது நல்லது.

எழுதி முடித்ததும் சரிபார்க்க ஒரு நேரான வழி உண்டு. குறிப்பில் உண்மையில் எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்று தனியாக ஒரு தாளில் எழுதுங்கள். நம் குறிப்பில் பேட்டரி, அறை, மூடி, ஆசிட், டிஸ்டில்டு வாட்டர் என்று ஐந்துதான். பிறகு குறிப்பில் வந்த பெயர்களை எழுதுங்கள்: பேட்டரி, மின்கலம், அடைப்பான், மூடி, திரவம், அமிலம், கரைசல், எலக்ட்ரோலைட், நீர். ஐந்து பொருளுக்கு ஒன்பது பெயர். அதிலும் அறைக்கென்று ஒரு பெயர்கூட ஒழுங்காக இல்லை. அந்த இரண்டு பட்டியலும் ஒன்றுக்கொன்று பொருந்தும்வரை திருத்தினால் குறிப்பு இப்படி வரும்:

“இந்த பேட்டரியில் ஆறு அறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறைக்கும் ஒரு மூடி, மூடியில் ஒரு மிதவை. எல்லா அறையிலும் ஆசிட் இருக்கிறது; கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், அருகில் நெருப்பு வேண்டாம். பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆனதும் இன்வர்ட்டரை அணையுங்கள். ஆறு மிதவைகளையும் பாருங்கள். எந்த மிதவை கீழ்க் குறிக்கு இறங்கியிருக்கிறதோ அந்த அறையின் மூடியைத் திறங்கள். அந்த அறையில் டிஸ்டில்டு வாட்டரைக் கொஞ்சம் ஊற்றுங்கள். ஆசிட் ஊற்றாதீர்கள், குழாய்த் தண்ணீரும் ஊற்றாதீர்கள். மூடியைப் பொருத்தி மிதவையைப் பாருங்கள். மேல் குறிக்கு வரும்வரை இப்படியே செய்யுங்கள். அதற்கு மேல் ஊற்றாதீர்கள். டிஸ்டில்டு வாட்டர் சிந்தினால் துடையுங்கள். ஆசிட் சிந்தினால் சமையல் சோடா தூவி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.”

மிதவை என்ற ஆறாவது பொருள் இதில் புதிதாக வந்திருக்கிறது. முதல் குறிப்பில் “மட்டத்தைப் பாருங்கள்” என்று இருந்ததே தவிர, எதில் பார்ப்பது என்று இல்லை. பொருள்களைப் பட்டியல் போட்டபோதுதான் அந்த ஓட்டை தெரிந்தது. சார்ஜ் ஆன பிறகு ஊற்றச் சொல்வதற்கும் காரணம் உண்டு: சார்ஜ் ஏறும்போது உள்ளே மட்டம் கொஞ்சம் உயரும், முன்பே நிரப்பிவைத்தால் ஆசிட் பொங்கி வெளியே வரும். தகடுகள் வெளியே தெரியும் அளவுக்கு இறங்கியிருந்தால் மட்டும், சார்ஜ் போடும் முன் தகடு மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றலாம், மீதியைச் சார்ஜ் ஆன பிறகு ஊற்ற வேண்டும்.

இந்தத் திருத்தம் அச்சுக்குப் போகும் வழியில் இன்னொரு கையைத் தாண்ட வேண்டும். மெய்ப்புத் திருத்துபவரோ பத்திரிகை ஆசிரியரோ, டிஸ்டில்டு வாட்டர் அடிக்கடி வருகிறதே என்று ஓரிடத்தில் ‘திரவம்’ என்று மாற்றிவிடலாம். அவர் செய்வதும் அக்கறையால்தான். எனவே கட்டுரையோடு அந்தப் பொருள்-பெயர்ப் பட்டியலையும் சேர்த்து அனுப்புவது நல்லது. மேலே ஒரு வரி, “இந்த ஆறு சொற்களை மாற்ற வேண்டாம்” என்று.